எந்தத் தேதிக்கும் கிழமை: நாட்களை எண்ணி ஏழால் வகுக்கும் கணக்கு

ஒரு தேதியைச் சொன்னால் கிழமையைக் கண்டுபிடிக்க அடிப்படையில் என்ன செய்கிறோம்?

கிழமை தெரிந்த ஒரு நாளிலிருந்து கேட்ட தேதி வரை எத்தனை நாள் என்று எண்ணுகிறோம். அந்த எண்ணிக்கையை 7-ஆல் வகுத்து, வரும் மீதியைப் பார்க்கிறோம். ஈவு எத்தனை என்பது நமக்கு வேண்டாம். அது முழு வாரங்களின் எண்ணிக்கை, முழு வாரங்கள் போனால் கிழமை மாறாது.

வகுப்பது ஒரு நொடி வேலை. சிரமமெல்லாம் எண்ணுவதில்தான் இருக்கிறது, ஏனென்றால் மாதங்கள் ஒரே நீளத்தில் இல்லை, ஆண்டுகளும் அப்படித்தான். கிழமை கண்டுபிடிக்கும் முறைகள் என்று பல பெயர்களில் சொல்லப்படுபவை எல்லாமே இந்த எண்ணிக்கையைச் சுருக்கும் வழிகள்தான்.

எந்த நாளிலிருந்து எண்ண ஆரம்பிப்பது?

எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம். கணக்குக்கு வசதியானது கி.பி. 1-ஆம் ஆண்டு ஜனவரி 1. இன்றைய கிரெகோரியன் நாட்காட்டியை அதே விதிகளோடு பின்னோக்கி நீட்டினால் அந்த நாள் திங்களாக வருகிறது. அந்தக் காலத்தில் இந்த நாட்காட்டியே கிடையாது, ஆகவே இது கணக்குக்காக அடித்துக்கொண்ட முளை மட்டுமே.

அந்த நாளுக்கு எண் 1 கொடுத்தால் மீதி 1 திங்கள், 2 செவ்வாய், 3 புதன், 4 வியாழன், 5 வெள்ளி, 6 சனி, 0 ஞாயிறு. ஞாயிறு தானாகவே பூஜ்யத்தில் வந்து உட்கார்வதுதான் இந்தத் தொடக்கத்தின் வசதி.

நாள் எண்ணுக்குச் சூத்திரம் என்ன? ஒரு தேதிக்கு முழுதாகப் போட்டுக் காட்ட முடியுமா?

y என்பது ஆண்டு, p என்பது முடிந்துபோன ஆண்டுகள், அதாவது y - 1. அந்த ஆண்டில் அது எத்தனையாவது நாள் என்பது d.

```
N = 365*p + floor(p/4) - floor(p/100) + floor(p/400) + d
```

floor என்றால் வகுத்து முழு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பின்னத்தை விட்டுவிடுவது. மனிதன் நிலவில் இறங்கிய 1969 ஜூலை 20-ஐ எடுத்துக்கொள்வோம். p = 1968. அதை 365-ஆல் பெருக்கினால் 7,18,320. லீப் நாட்களுக்கு 492 கூட்டி, 19 கழித்து, 4 கூட்டினால் 7,18,797. ஜூன் முடிய 181 நாட்கள், ஜூலையில் 20 நாட்கள், ஆக d = 201. மொத்தம் 7,18,998. இதை 7-ஆல் வகுத்தால் 1,02,714 முறை மீதியில்லாமல் போகிறது. மீதி 0, எனவே ஞாயிறு.

இவ்வளவு பெரிய எண்ணை மனதில் வைத்து வகுக்க முடியுமா?

வைக்கவே வேண்டாம். மட்டு எண்கணிதத்தின் பயனே இங்கேதான். கூட்டலிலும் கழித்தலிலும் பெருக்கலிலும் ஒவ்வொரு எண்ணையும் அதன் மீதியால் மாற்றிவிட்டாலும் கடைசி மீதி மாறாது. 365 = 52 × 7 + 1. ஆகவே `365*p` இருக்கும் இடத்தில் வெறும் p போதும்.

அதே தேதியை மீண்டும் பார்ப்போம். 1968-க்கு மீதி 1. 492-க்கு மீதி 2. 19-க்கு 5, அதைக் கழிக்கிறோம். 4 அப்படியே. 201-க்கு மீதி 5. ஆக 1 + 2 - 5 + 4 + 5 = 7, மீதி 0. அதே ஞாயிறு, பேனாகூட எடுக்காமல்.

நூறைக் கழித்து நானூறைக் கூட்டுவது எதற்கு? நான்கு ஆண்டுக்கு ஒரு லீப் போதாதா?

1901 முதல் 2099 வரையிலான தேதிகளுக்கு மட்டும் என்றால், நான்கு ஆண்டுக்கு ஒரு லீப் என்று வைத்து எண்ணினாலே போதும். அந்த இடைவெளியில் விதிவிலக்கு எதுவும் வரவில்லை, 2000 கூட 400-ஆல் வகுபடுவதால் லீப் ஆண்டாகவே இருந்தது. பலர் எழுதிய நிரல்கள் வருடக்கணக்கில் தவறே காட்டாமல் ஓடுவதற்கு இதுதான் காரணம். சிக்கல் 2100-இல் வரும். அது நூறால் வகுபடும், நானூறால் வகுபடாது, எனவே அந்த ஆண்டில் பிப்ரவரி 29 இல்லை. 2100 பிப்ரவரி 28 ஞாயிறு, மறுநாள் மார்ச் 1 திங்கள். நான்கால் வகுப்பதோடு நின்றுவிட்ட நிரல் மார்ச் 1-ஐச் செவ்வாய் என்று சொல்லும். அதன்பின் ஒவ்வொரு தேதியும் ஒரு கிழமை தள்ளிப்போகும்.

பின்னோக்கிப் போனாலும் இதே கதைதான். 1900 லீப் ஆண்டு அல்ல. 1900 பிப்ரவரி இறுதிக்கு முந்தைய தேதிகளில் அந்த நிரல் ஒரு நாள் பிசகும்.

28 ஆண்டுக்கு ஒருமுறை நாட்காட்டி அப்படியே திரும்புமாமே?

நூற்றாண்டு எல்லை குறுக்கே வராவிட்டால் திரும்பும். ஒவ்வொரு ஆண்டும் கிழமையை ஒன்று நகர்த்துகிறது, லீப் நாள் இன்னொன்று நகர்த்துகிறது. 28 ஆண்டில் 28 + 7 = 35 நகர்வுகள், சரியாக ஐந்து வாரம். ஆனால் இடையில் 2100 வந்தால் லீப் நாள் ஏழல்ல, ஆறுதான். 2073 ஜனவரி 1 ஞாயிறு, 28 ஆண்டு கழித்து 2101 ஜனவரி 1 சனி.

விதிவிலக்கே இல்லாமல் திரும்புவது 400 ஆண்டுக்கு ஒருமுறை. 400 ஆண்டுக்கு 1,46,097 நாட்கள், அது 7-ஆல் சரியாக வகுபடும், 20,871 வாரங்கள். இது ஒரு தற்செயல்தான், ஆனால் நமக்கு ரொம்பப் பயன்படும் தற்செயல். இதனால் ஒரு நூற்றாண்டின் முதல் நாள் எல்லாக் கிழமைகளிலும் வர முடியாமல் போகிறது. 2001 ஜனவரி 1 திங்கள், 2101 சனி, 2201 வியாழன், 2301 செவ்வாய், 2401-இல் மறுபடி திங்கள். ஞாயிறு, புதன், வெள்ளிக்கு வாய்ப்பே இல்லை.

13-ஆம் தேதி வெள்ளிக்கிழமையில்தான் அதிகம் வருகிறது என்பது உண்மையா?

உண்மை, ஆனால் வித்தியாசம் மயிரிழைதான். 400 ஆண்டில் 4,800 மாதங்கள், அது 7-ஆல் வகுபடாது, எனவே ஏழு கிழமைகளுக்கும் சமமாகப் பங்கு கிடைக்க வழியில்லை. 13-ஆம் தேதி வெள்ளியில் 688 முறை, மிகக் குறைவான வியாழனிலும் சனியிலும் 684 முறை வருகிறது.

மாதங்கள்தான் குழப்புகின்றன. அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்று ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டிருக்க வேண்டுமா?

வேண்டாம். ஒவ்வொரு மாதமும் தொடங்கும் முன் எத்தனை நாட்கள் போயின என்பதன் மீதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஜனவரி தொடங்கி வரிசையாக 0, 3, 3, 6, 1, 4, 6, 2, 5, 0, 3, 5. ஜூலைக்கு 181 நாட்கள், மீதி 6. அதோடு தேதியைக் கூட்டினால் போதும்.

இதில் ஒரு தொல்லை உண்டு. லீப் ஆண்டாக இருந்து மாதம் மார்ச் அல்லது அதற்குப் பிந்தியதாக இருந்தால் ஒன்று கூட்ட வேண்டும். கையால் போடுபவர்கள் மறக்கும் இடம் இதுதான். இதைத் தவிர்க்க அழகான ஒரு வழி இருக்கிறது: ஆண்டை மார்ச்சில் தொடங்குவதாகப் பாவித்துக்கொள்வது. அப்போது பிப்ரவரி ஆண்டின் கடைசி மாதமாகிவிடுகிறது, லீப் நாள் ஆண்டின் கடைசி நாளாகிவிடுகிறது. கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் நாள் அதற்கு முன்னுள்ள எந்த மாதத்தையும் பாதிக்காது.

நடைமுறையில் செய்வது இவ்வளவே: மாதம் ஜனவரி அல்லது பிப்ரவரி என்றால் ஆண்டில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். மற்ற மாதங்களுக்கு ஆண்டை அப்படியே போடுங்கள். ஆண்டை ஒன்று குறைக்காமல் அப்படியே போடும்போது கணக்கில் ஒன்று கூடுதலாக விழுகிறது, அதனால் மார்ச் முதல் டிசம்பர் வரையிலான மாத எண்களில் ஒன்றைக் குறைத்துவிடுகிறோம். பட்டியல் 0, 3, 2, 5, 0, 3, 5, 1, 4, 6, 2, 4 என்று ஆகிறது. லீப் ஆண்டில் `floor(y/4)` முதலியவை அந்த ஆண்டின் லீப் நாளையும் தாமாகவே சேர்த்துக்கொள்கின்றன, லீப் ஆண்டா என்று தனியாகச் சோதிக்கவே தேவையில்லை.

```python
def kizhamai(y, m, d):
    t = [0, 3, 2, 5, 0, 3, 5, 1, 4, 6, 2, 4]
    if m < 3:
        y = y - 1
    return (y + y//4 - y//100 + y//400 + t[m-1] + d) % 7
```

2000 பிப்ரவரி 29-ஐப் போட்டுப் பாருங்கள். மாதம் பிப்ரவரி, ஆகவே ஆண்டு 1999. மீதிகள் 4 + 2 - 5 + 4 = 5. மாத எண் 3, தேதி 29. மொத்தம் 37, மீதி 2, செவ்வாய். மறுநாள் மார்ச் 1-க்கு ஆண்டு 2000, மீதிகள் 5 + 3 - 6 + 5 = 7, மாத எண் 2, தேதி 1, மொத்தம் 10, மீதி 3, புதன். ஆண்டு எண்ணும் மாத எண்ணும் ஒரே நேரத்தில் மாறியும் கிழமை ஒரே படிதான் ஏறியிருக்கிறது. லீப் விதி சரியாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

மனக்கணக்காகச் செய்ய இதை இன்னும் சுருக்க முடியுமா?

நூற்றாண்டுப் பகுதியை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொண்டால் முடியும். 2000-க்கான நான்கு உறுப்புகளும் சேர்ந்து மீதி 0 தருவதை மேலே பார்த்தோம். அதே வழியில் 1900-க்கு 1, 1800-க்கு 3, 2100-க்கு 5. நானூறு ஆண்டு விதியால் இந்த நான்கு எண்களே திரும்பத் திரும்ப வரும். பிறகு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், அதன் கால் பங்கு, நூற்றாண்டு எண், மாத எண், தேதி, இந்த ஐந்தையும் கூட்டினால் முடிந்தது.

1969 ஜூலை 20: 69 + 17 + 1 + 5 + 20 = 112. ஏழு பதினாறு நூற்றுப்பன்னிரண்டு, மீதி 0. ஒரே ஒரு எச்சரிக்கை: 2000 ஜனவரி போன்ற தேதியில் ஆண்டை ஒன்று குறைத்தால் 1999 ஆகிறது, அப்போது நூற்றாண்டு எண்ணையும் 1900-க்கு உரியதாக மாற்ற வேண்டும்.

இன்றிலிருந்து 1000 நாள் கழித்து என்ன கிழமை என்பதற்கும் இதே வழிதானா?

அதற்கு நாட்காட்டியே வேண்டாம். 1000-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 6, இன்றைய கிழமையிலிருந்து ஆறு நாள் முன்னே, அதாவது நேற்றைய கிழமை. ஆனால் "இன்றைச் சேர்த்து ஆயிரமாவது நாள்" என்றால் 999 நாள்தான் நகர்கிறோம், விடை ஒரு கிழமை முன்னதாக வரும். விடை ஒன்று தள்ளி வருகிறது என்று சொல்பவர்களில் பாதிப்பேர் தொடக்க நாளைச் சேர்த்து எண்ணியவர்கள்.

என் நிரல் 1970-க்குப் பிந்தைய தேதிகளுக்குச் சரியாக வருகிறது, அதற்கு முன்னால் கிழமை மைனஸில் வருகிறது. ஏன்?

நீங்கள் 1970 ஜனவரி 1-ஐ நாள் 0 என்று வைத்து எண்ணுகிறீர்கள் என்று தெரிகிறது. அது வியாழன், எனவே சூத்திரம் `(n + 4) % 7`. அதற்கு முந்தைய நாட்களில் n எதிர்ம எண். சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மொழிகளில் எதிர்ம எண்ணை `%` கொண்டு வகுத்தால் மீதியும் எதிர்மமாகவே வரும். பைத்தானில் அப்படியில்லை, 7-ஆல் வகுத்தால் எப்போதும் 0 முதல் 6 வரைதான்.

1969 ஜூலை 19-க்கு n = -166. நான்கைக் கூட்டினால் -162. சி மொழி -1 என்கிறது, வர வேண்டியது 6, சனி. இதற்குத் தீர்வு:

```c
w = (((n + 4) % 7) + 7) % 7;
```

இந்தப் பிழை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தெரியாது. ஜூலை 20-க்கு n + 4 = -161, அது 7-ஆல் சரியாக வகுபடுவதால் விடை 0, சரியான விடை. நிலவில் இறங்கிய தேதியை மட்டும் சோதித்துவிட்டுத் திருப்தியாகப் போனால் பிழை உள்ளேயே கிடக்கும். வினாடிகளை 86400-ஆல் வகுத்து நாளாக்குபவர்களும் கவனிக்க வேண்டும். அங்கேயும் சி மொழி பூஜ்யத்தை நோக்கித்தான் பின்னத்தை வெட்டும், நமக்கு வேண்டியதோ கீழ்நோக்கி வெட்டுவது.

என் விடையும் நிரல்மொழியின் தயார் விடையும் எல்லாத் தேதிக்கும் ஒரே அளவு வேறுபடுகின்றன. யார் தப்பு?

பெரும்பாலும் யாரும் தப்பில்லை, எண்ணிடும் வழக்கம் வேறு. ஜாவாஸ்கிரிப்டின் `getDay()` ஞாயிறை 0 என்கிறது. பைத்தானின் `weekday()` திங்களை 0 என்கிறது, `isoweekday()` திங்களை 1 என்றும் ஞாயிறை 7 என்றும் சொல்கிறது. வேறுபாடு எல்லாத் தேதிக்கும் ஒன்றாக இருந்தால் வழக்கம்தான் காரணம். சில தேதிகளில் மட்டும் வேறுபட்டால் லீப் விதியையும் பிப்ரவரியையும் தேடிப் போங்கள்.

பழைய தேதிகளுக்கு, 1500-களுக்கு எல்லாம் இந்தச் சூத்திரம் செல்லுமா?

எந்த நாட்காட்டியில் எழுதிய தேதி என்று தெரிந்தால் மட்டும். பழைய ஜூலியன் நாட்காட்டியிலிருந்து கிரெகோரியனுக்கு மாறிய 1582-இல் ரோமில் அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. தேதிகள் பத்து தாண்டின, கிழமை தாண்டவில்லை. மேலே உள்ள சூத்திரம் அக்டோபர் 15-க்கு வெள்ளி என்று சரியாகச் சொல்லும். அக்டோபர் 4-க்கோ திங்கள் என்று சொல்லும், அது தவறு, ஏனென்றால் அந்தத் தேதி ஜூலியன் நாட்காட்டியைச் சேர்ந்தது.

ஜூலியனில் நான்கு ஆண்டுக்கு ஒரு லீப், விதிவிலக்கு இல்லை. அதன் கி.பி. 1 ஜனவரி 1 சனிக்கிழமை, எனவே கடைசியில் 5 கூட்டிக்கொள்கிறோம்:

```
p + floor(p/4) + d + 5
```

1582 அக்டோபர் 4: p = 1581, மீதி 6. அதன் கால் பங்கு 395, மீதி 3. d = 277, மீதி 4. ஐந்தைக் கூட்டினால் 18, மீதி 4, வியாழன்.

நாடுகள் ஒரே நேரத்தில் மாறாததால் வேடிக்கைகள் உண்டு. ஷேக்ஸ்பியர் இறந்தது 1616 ஏப்ரல் 23. இங்கிலாந்து அப்போதும் ஜூலியனில் இருந்தது, அங்கே அது செவ்வாய். ஏற்கெனவே மாறிவிட்ட ஸ்பெயினில் ஏப்ரல் 23 என்று எழுதப்பட்ட நாள் சனி. ஒரே தேதிதான், ஆனால் பத்து நாள் இடைவெளியில் வந்த இரண்டு வேறு நாட்கள். இங்கிலாந்து 1752-இல் மாறியது: செப்டம்பர் 2 புதன், மறுநாள் செப்டம்பர் 14 வியாழன்.

இங்கிலாந்தின் பழைய ஆவணங்களில் இன்னொரு பொறியும் இருக்கிறது. அங்கே சட்டப்படி ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. முதலாம் சார்லஸ் மன்னர் கொல்லப்பட்ட நாளை அக்காலத்தவர் 1648 ஜனவரி 30 என்று எழுதினார்கள், நம் வழக்கப்படி அது 1649. ஜூலியன் சூத்திரத்தில் 1649 போட்டால் செவ்வாய் வருகிறது, நடந்ததும் செவ்வாய்தான். 1648 போட்டால் ஞாயிறு. ஆவணத்தில் கிழமையும் எழுதியிருந்தால், எந்த நாட்காட்டி, எந்த ஆண்டு என்பதை அந்தக் கிழமையை வைத்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

எக்செல் 1900 ஜனவரி 1-ஐ ஞாயிறு என்கிறது, என் கணக்கில் திங்கள் வருகிறது. எதை நம்புவது?

உங்கள் கணக்கை. எக்செலும் நாள் எண்ணிக்கையை வைத்துத்தான் கிழமை சொல்கிறது, 1900 ஜனவரி 1 அதற்கு நாள் 1. ஆனால் லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளின் கோப்புகளோடு ஒத்துப்போவதற்காக 1900-ஐ லீப் ஆண்டாக வைத்துக்கொண்டது. நாள் 60 அங்கே பிப்ரவரி 29, உலகத்தில் இல்லாத நாள். நாள் 61 மார்ச் 1, வியாழன், அங்கிருந்து எல்லாம் சரி. அதற்கு முந்தைய 59 நாட்களுக்கும் கிழமை ஒன்று பின்தங்கியிருக்கும்.